டாரோ: ஃபோன் ஆப்பா, கையில் பிடிக்கும் கட்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டாரோ பழக வருகிறவர்களோடு உட்கார்ந்து சீட்டுப் பார்ப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். முன்பெல்லாம் எல்லோரும் ஒரு கட்டோடு வருவார்கள். இப்போது பாதிப் பேர் ஃபோனோடு வருகிறார்கள். அவர்கள் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். ஆப்பும் கட்டும் நான் இரண்டுமே பயன்படுத்துகிறேன்.

ஆப்ல எடுத்தா அது உண்மையான டாரோ ஆகுமா?

ஆகும். டாரோ என்பது 78 சீட்டுகள்: மேஜர் ஆர்க்கானா 22, மைனர் ஆர்க்கானா 56. அவற்றிலிருந்து நம் விருப்பம் கலக்காமல் சில சீட்டுகள் வெளியே வர வேண்டும். வந்த படங்களை நம் கேள்வியோடு வைத்து யோசிக்க வேண்டும். இந்த இரண்டும் நடந்தால் அது டாரோதான். எதிர்காலம் காகிதத்துக்குத் தெரியும், கண்ணாடித் திரைக்குத் தெரியாது என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். வருவதைச் சொல்லும் சக்தி இரண்டுக்கும் இல்லை என்பதுதான் என் கருத்து.

ஆனால் சீட்டு வெளியே வரும் விதம், அதை நாம் பார்க்கும் விதம், பார்த்தபின் என்ன செய்கிறோம் என்பது, இந்த மூன்றும் இரண்டிலும் வேறு வேறு. மீதிக் கேள்விகள் எல்லாம் அதைப் பற்றியவைதான்.

ஆப் எப்படி கார்டைத் தேர்ந்தெடுக்குது? யாராவது முன்னாடியே எழுதி வெச்சதா?

ஒழுங்காகச் செய்த ஆப்பில் அப்படி இல்லை. நிரல் 78 சீட்டுகளையும் ஒரு வரிசையில் வைத்துக்கொள்கிறது. கடைசி இடத்தில் இருக்கும் சீட்டை எடுத்து, அதிலும் அதற்கு முன்னால் இருக்கும் சீட்டுகளிலுமாகக் குருட்டாம்போக்கில் ஒன்றைத் தேர்ந்து, இரண்டையும் இடம் மாற்றுகிறது. அப்புறம் கடைசிக்கு முந்தின இடம், அதற்கும் முந்தினது என்று முதல் இடம் வரை வருகிறது. இதற்கு ஃபிஷர்–யேட்ஸ் முறை என்று பெயர். இதைச் சரியாக எழுதியிருந்தால் எந்தச் சீட்டும் எந்த இடத்துக்கும் வர சமமான வாய்ப்பு உண்டு. நீங்கள் விரலால் தொடும் நேரத்தில் வரிசை பெரும்பாலும் முடிவாகியிருக்கும். "நான் தொட்டதாலதான் இந்த கார்டு வந்ததா?" என்று சிலர் கேட்பார்கள். கையில் கட்டு இருந்தாலும் நிலைமை அதேதான். கலைத்து முடித்ததும் வரிசை முடிவாகிவிடுகிறது, நாம் எடுப்பது மட்டும்தான் பாக்கி.

எல்லா ஆப்பும் ஒழுங்காக இருக்காது. சோதிக்கச் சில வழிகள் உண்டு. "இன்றைய சீட்டு" என்று வருவதை இரண்டு ஃபோன்களில் ஒரே நாளில் திறந்து பாருங்கள். பல நாள் இரண்டிலும் ஒரே சீட்டு வந்தால், அது தேதியை வைத்து எல்லோருக்கும் பொதுவாகக் காட்டப்படுகிறது, உங்களுக்காக எடுக்கப்படவில்லை. மூன்று சீட்டு எடுக்கும்போது ஒரே சீட்டு இரண்டு இடத்தில் வந்தால், எடுத்த சீட்டைத் திரும்ப உள்ளே போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கிறது என்று அர்த்தம். அதை அப்போதே நீக்கிவிடலாம். ஐம்பது அறுபது சீட்டு எடுத்தும் கப்ஸ், ஸ்வார்ட்ஸ் போன்ற மைனர் வகைகள் எதுவுமே கண்ணில் படவில்லை என்றால் அதில் மேஜர் 22 மட்டும்தான் இருக்கிறது.

கையால கலைக்கிறது நல்லா கலையுமா? எத்தனை தடவை கலைக்கணும்?

நிறையப் பேர் நினைப்பதைவிட மோசமாகத்தான் கலைகிறது. பலரும் கட்டை ஒரு கையில் பிடித்து, மற்றக் கையால் கொத்துக் கொத்தாக இழுத்துப் போடுகிறார்கள். ஒரு சுற்றில் பத்துக் கொத்து விழுகிறது என்று வையுங்கள். 78 சீட்டில் 77 இடைவெளி இருக்கிறது. அதில் 9 இடத்தில்தான் கட்டு பிரிகிறது. கொத்துக்குள் இருக்கும் சீட்டுகள் ஒட்டிக்கொண்டே நகர்கின்றன. ஐந்து சுற்றுக்குப் பிறகும், பக்கத்தில் பக்கத்தில் இருந்த ஜோடிகளில் பாதிக்கு மேல் பிரிந்திருக்காது.

இதன் விளைவைக் கண்ணால் பார்க்கலாம். நேற்று மூன்று சீட்டு எடுத்துப் பார்த்துவிட்டு அவற்றைச் சேர்த்துக் கட்டின் மேல் வைத்தீர்கள். இன்று நாலு தடவை இழுத்துப் போட்டுவிட்டு எடுக்கிறீர்கள். நேற்று வந்தவற்றில் இரண்டு அடுத்தடுத்து மறுபடி வருகின்றன. "கட்டு என்னிடம் அதையே திரும்பச் சொல்கிறது" என்று மனம் பதறும். பெரும்பாலும் அவை பிரியவே இல்லை, அவ்வளவுதான்.

கட்டை இரண்டாகப் பிரித்து, இரு பாதியின் ஓரங்களையும் விரலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நழுவவிட்டு ஒன்றுக்குள் ஒன்று விழ வைக்கும் முறை இதைவிட மிக வேகமாகக் கலைக்கும். சாதாரண 52 சீட்டுக் கட்டுக்கு ஏழு முறை போதும் என்பது கணிதத்தில் தெரிந்த முடிவு. 78-க்கு எட்டு, ஒன்பது முறை என்று வைத்துக்கொள்ளலாம். டாரோ சீட்டு பெரியது, வளைத்தால் மடிப்பு விழும் என்று பயப்படுகிறவர்கள் மேஜையில் துணி விரித்து, எல்லாச் சீட்டையும் கவிழ்த்துப் பரப்பி, இரண்டு கையாலும் ஒரு நிமிடமாவது அளைந்துவிட்டு அள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். கலைப்பதில் மட்டும் பார்த்தால் நல்ல ஆப்தான் ஜெயிக்கிறது.

ஆப்ல ஒரே கார்டு திரும்பத் திரும்ப வருது. ஆப் கெட்டுப்போச்சா, இல்ல ஏதாவது சொல்ல வருதா?

தினம் ஒரு சீட்டு எடுக்கிறவருக்கு, 11 நாளுக்குள் ஏதாவது ஒரு சீட்டு இரண்டாம் முறை வர பாதிக்குச் சற்று மேலே வாய்ப்பு இருக்கிறது. 30 நாளில் அப்படி ஒன்றுகூட வராமல் போவதுதான் அபூர்வம். 78 சீட்டு இருக்கிறதே, 78 நாள் கழித்துத்தானே திரும்ப வர வேண்டும் என்று மனம் கணக்குப் போடுகிறது. தினமும் முழுக் கட்டிலிருந்து எடுப்பதால் கணக்கு அப்படி நடப்பதில்லை.

அதனால் திரும்ப வருவதை வைத்து ஆப்பைச் சந்தேகப்பட வேண்டாம். ஒரே எடுப்பில் இரண்டு முறை வந்தால் மட்டும் சந்தேகப்படுங்கள். கட்டில் திரும்ப வந்தால், கலைப்பு சரியாக இருந்ததா என்று முதலில் பாருங்கள். திரும்ப வந்த சீட்டை இரண்டாம் முறை நிதானமாகப் பார்ப்பதில் தவறொன்றும் இல்லை. முதல் தடவை கவனிக்காத ஏதாவது ஒன்று அதில் கண்ணில் படும்.

ஆப்ல தலைகீழ் கார்டா வந்து கொட்டுது. என் கட்டுல வர்றதே இல்ல. ஏன்?

ஆப் ஒவ்வொரு சீட்டுக்கும் தனியாகக் காசு சுண்டுவது போல நேரா, தலைகீழா என்று முடிவு செய்கிறது, பெரும்பாலும் பாதிக்குப் பாதி. அப்படியென்றால் மூன்று சீட்டு எடுக்கும்போது எட்டில் ஏழு முறை ஒரு தலைகீழாவது இருக்கும். கட்டில் அப்படி ஒரு விதியே கிடையாது. புதுக் கட்டைப் பிரிக்கும்போது எல்லாச் சீட்டும் ஒரே பக்கம் பார்த்திருக்கும். கொத்துக் கொத்தாக இழுத்துப் போட்டால் எதுவும் திரும்பாது. வருடக் கணக்கில் கலைத்தாலும் தலைகீழ் வராது. துணியில் பரப்பி அளைந்தால் திரும்பும். அல்லது கட்டை இரண்டாக வெட்டி ஒரு பாதியை 180 டிகிரி திருப்பிச் சேர்த்துக் கலைக்க வேண்டும்.

இன்னொரு இடத்திலும் தவறு நடக்கிறது, அதை யாரும் கவனிப்பதில்லை. கவிழ்ந்த சீட்டைப் புத்தகப் பக்கம் புரட்டுவது போல இடமிருந்து வலமாகத் திருப்பினால் நேர் சீட்டு நேராகவே வரும். கீழ் ஓரத்தைப் பிடித்து மேல்நோக்கிப் புரட்டினால் நேர் சீட்டு தலைகீழாகிவிடும். என்னிடம் வந்த ஒரு பெண், தனக்கு எப்போதும் தலைகீழாகவே வருகிறது, ஏதோ தோஷம் போல என்று கலங்கிப்போயிருந்தார். அவர் கையைப் பார்த்தேன். ஒவ்வொரு சீட்டையும் கீழிருந்து மேலாகப் புரட்டிக்கொண்டிருந்தார். பக்கவாட்டில் புரட்டச் சொன்னேன், பத்துச் சீட்டும் நேராக வந்தன. கட்டில் தலைகீழுக்குப் பொருள் சொல்வதாக இருந்தால் இந்த இரண்டையும் முதலில் சரி செய்யுங்கள். ஆப்பில் அது தேவையில்லை என்றால் அமைப்புகளில் நிறுத்திவிடலாம்.

படம் ரெண்டுலயும் ஒண்ணுதானே? ஸ்கிரீன்ல பார்த்தா என்ன குறைஞ்சிடும்?

என்னைக் கேட்டால், இழப்பு முக்கியமாக இங்கேதான் இருக்கிறது. வழக்கமான சீட்டு சுமார் 7 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரம். மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மேஜையில் 21 செ.மீ. வேண்டும். நேராகப் பிடித்த ஃபோனின் அகலமே ஏழு செ.மீ. அளவுதான். அதனால் ஆப் இரண்டில் ஒன்றைச் செய்கிறது: மூன்றையும் தபால்தலை மாதிரி சுருக்கிக் காட்டுகிறது, அல்லது ஒவ்வொன்றாகப் பெரிதாகக் காட்டி விரலால் தள்ளச் சொல்கிறது. இரண்டிலும் சீட்டுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வது நம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். மூன்று பேராகச் சேர்ந்து பல வருடம் ஒரு வேலை செய்து, அது உடைந்துபோன ஒருவர் வந்தார். "இனி நான் தனியாக ஏதாவது தொடங்குவதா?" என்பது கேள்வி. ஆப்பில் ஏற்கெனவே எடுத்திருந்தார். த்ரீ ஆஃப் பென்டகிள்ஸ், ஃபைவ் ஆஃப் கப்ஸ், நைட் ஆஃப் வாண்ட்ஸ். ஒவ்வொன்றாகத் தள்ளிப் படித்திருந்தார்: கூட்டு வேலை, இழப்பும் வருத்தமும், அவசரக்காரத் துணிச்சல். "முதல் ரெண்டும் எனக்கே தெரியும், மூணாவது என்னைத் திட்டுது" என்றார்.

அதே மூன்றையும் 1909-இல் வெளிவந்த, பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த ரைடர் வெய்ட் கட்டிலிருந்து எடுத்து, அதே வரிசையில் மேஜையில் வைத்தேன். நடுச்சீட்டில் கறுப்புப் போர்வை போர்த்திய ஒருவர் தலை குனிந்து நிற்கிறார். கவிழ்ந்த மூன்று கோப்பைகள் அவருக்கு முன்னால், படத்தின் இடது பக்கம் கிடக்கின்றன. நிமிர்ந்து நிற்கும் இரண்டு கோப்பைகள் அவர் முதுகுக்குப் பின்னால், வலது பக்கம். இப்போது அக்கம்பக்கத்தைப் பாருங்கள். அவர் முகம் திரும்பியிருக்கும் இடது பக்கத்தில், மூன்று பேர் கூடி நின்று வேலை பேசும் த்ரீ ஆஃப் பென்டகிள்ஸ். கவிழ்ந்த கோப்பையும் மூன்று, அந்தப் படத்தில் ஆட்களும் மூன்று. வலது பக்கத்தில் நைட் ஆஃப் வாண்ட்ஸ். அந்தக் குதிரைவீரன் இடது பக்கம் பார்த்து வருகிறான். அதாவது கவிழாத இரண்டு கோப்பை இருக்கும் திசையிலிருந்து, இவருடைய முதுகை நோக்கி வருகிறான்.

அவர் வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், இரண்டு பழைய வாடிக்கையாளர்கள் தொடர்ந்து அழைத்துக்கொண்டிருக்கிறார்கள், தான் எடுத்துப் பேசவே இல்லை என்றார். சீட்டுக்கு அது தெரிந்திருந்தது என்று நான் சொல்லவில்லை. மூன்றும் ஒரே பார்வையில், முழு அளவில் இருந்ததால் அந்தக் கேள்வியை அவரே தன்னிடம் கேட்டுக்கொள்ள முடிந்தது. ஃபோனைப் படுக்கவைத்துப் பிடித்தோ பெரிய டேப்லெட்டில் பார்த்தோ இதில் கொஞ்சம் மீட்கலாம். பத்துச் சீட்டு விரிக்கும் கெல்டிக் கிராஸுக்கு அதுவும் போதாது. மார்சே என்ற பழைய பிரெஞ்சு வகைக் கட்டில் மைனர் எண் சீட்டுகளில் ஆட்கள் இல்லை, சின்னங்கள் மட்டும்தான். அதனால் அந்தச் சீட்டுகளில் இந்த இழப்பு குறைவு.

கூடவே அர்த்தமும் வந்துடுதே, அது வசதிதானே?

ஆரம்பத்தில் வசதி, போகப் போக அதுவே தடை. ஒரு ஆப்பில் சீட்டுக்கு நேர் பொருள் ஒன்று, தலைகீழ் பொருள் ஒன்று என்று மொத்தம் 156 பத்திகள் எழுதி வைத்திருப்பார்கள். அந்தப் பத்திக்குப் பக்கத்துச் சீட்டு எது என்று தெரியாது, கேள்வி என்ன என்றும் தெரியாது. மேலே சொன்னவருக்கு நடந்தது இதுதான். எழுத்து கண்ணில் பட்டதும் படத்தைப் பார்ப்பது நின்றுவிடுகிறது. நானும் அப்படித்தான், அச்சிட்ட எழுத்துக்குத்தான் கண் முதலில் போகும்.

ஆப்பிலேயே பழக வேண்டும் என்றால், பொருள் பத்தியை மறைக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் திரையின் கீழ்ப் பாதியைக் கையால் மூடிக்கொண்டு, படத்தில் தெரிவதை வாய்விட்டு மூன்று வாக்கியம் சொல்லுங்கள். அதற்குப் பிறகு படியுங்கள்.

பிடிக்காத கார்டு வந்தா மறுபடி எடுக்கலாமா? ஆப்ல ஒரு தட்டுதானே?

அந்த ஒரு தட்டுதான் ஆபத்து. கட்டில் மறுபடி எடுக்க வேண்டும் என்றால் சீட்டைச் சேர்த்து, கலைத்து, வெட்டி, மறுபடி விரிக்க வேண்டும். இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அந்த நேரத்திலேயே "எதற்கு மறுபடி எடுக்கிறேன்?" என்ற எண்ணம் வந்துவிடும். ஆப்பில் அந்த இடைவெளியே கிடையாது. வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாத ஒரு இரவில் ஒரே கேள்விக்கு நான் ஆறு முறை தட்டினேன். ஆறாவது தடவை தி சன் வந்தது, நிறுத்தினேன். அதற்கு முன் வந்த ஐந்தில் ஒன்றுகூட மறுநாள் நினைவில் இல்லை. நான் சீட்டுப் பார்க்கவில்லை, எனக்கு வேண்டியது வரும்வரை காத்திருந்தேன்.

எந்தப் பயமூட்டும் சீட்டாக இருந்தாலும், உதாரணத்துக்கு டெத், மூன்று சீட்டு எடுப்பில் 26-க்கு ஒரு முறை வரும். பத்துச் சீட்டில் ஏறக்குறைய எட்டுக்கு ஒரு முறை. அடிக்கடி எடுக்கிறவருக்கு அடிக்கடி வரத்தான் செய்யும். நான் வைத்திருக்கும் வழக்கம்: ஒரு கேள்விக்கு ஒரு எடுப்பு. கேள்வியின் நிலவரம் மாறினால்தான் அடுத்தது. ஆப்பில் எடுத்தால் அந்தத் திரையைப் படம்பிடித்து வைத்துவிட்டு ஆப்பை மூடிவிடுகிறேன்.

கலைக்கும்போது துள்ளி விழுற கார்டு, கட்டோட அடிக்கார்டு இதெல்லாம் ஆப்ல கிடையாதே?

கிடையாது. துள்ளி விழுவதைத் தனிச் செய்தியாக எடுக்கிறவர்களுக்கு அது இழப்புதான். ஓரம் தேய்ந்த சீட்டு, சற்று வளைந்த சீட்டு அதிகம் விழும் என்பதையும் நினைவில் வையுங்கள். அடிச்சீட்டு பார்க்கிறவர்கள் ஆப்பில் ஒரு சீட்டு கூடுதலாக எடுத்துக்கொண்டாலே போதும், வாய்ப்புக் கணக்கு ஒன்றுதான்.

அப்போ ஆப்பால லாபமே இல்லையா?

உண்டு. கலைப்பைப் பற்றி மேலேயே சொன்னேன். இரண்டாவது, குறிப்பு. தேதியோடு, கேள்வியோடு, வந்த சீட்டுகளோடு தானாகப் பதிந்து வைக்கும். "எனக்கு எப்பவும் ஸ்வார்ட்ஸ்தான் வருது" என்று சொன்ன ஒருவரிடம் அவருடைய பதிவை எண்ணச் சொன்னேன். மற்ற வகைகள் வந்த அளவுக்குத்தான் ஸ்வார்ட்ஸும் வந்திருந்தது. ஸ்வார்ட்ஸ் வந்த நாட்கள் மட்டும் மனதில் தங்கியிருந்தன. நோட்டில் எழுதினாலும் இது நடக்கும், ஆனால் தினம் எழுதுகிறவர்கள் குறைவு.

மூன்றாவது, கைவிரலில் வலி இருக்கிறவர்களுக்கு 78 பெரிய சீட்டுகளைக் கலைப்பது சிரமம். பார்வை மங்கியவர்கள் திரையில் படத்தை விரித்துப் பெரிதாக்கலாம். அப்படி விரித்துப் பார்க்கும்போது காகிதத்தில் நான் கவனிக்காமல் விட்டவை பல தடவை கண்ணில் பட்டிருக்கின்றன. ஒன்று மட்டும் எச்சரிக்கை. கேள்வியைத் தட்டச்சு செய்யச் சொல்லும் ஆப்பில் பிறர் பெயரையோ, நோய் விவரத்தையோ எழுதாதீர்கள், அது எங்கே சேமிக்கப்படுகிறது என்பது உங்கள் கையில் இல்லை. "வேலை", "அவர்" என்று ஒரு சொல் போதும்.

ரெண்டையும் சேர்த்துப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. ஆப்பில் எடுத்துவிட்டு, வந்த சீட்டுகளைக் கட்டிலிருந்து தேடி மேஜையில் வையுங்கள். கலைப்பு சுத்தமாக இருக்கும், படமும் முழு அளவில் கிடைக்கும். சீட்டைத் தேடுவதற்குள் இரண்டு நிமிடம் போகும். ஒரு தட்டில் காணாமல் போன இடைவெளி இதில் திரும்பக் கிடைக்கிறது. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன். தேடும்போதே 78-ம் கண்ணில் பட்டுப் பழகிவிடும்.

ஒரே கேள்விக்கு ஆப்லயும் கட்டுலயும் எடுத்தேன், வேற வேற வந்தது. எது சரி?

வேறு வேறாக வருவதுதான் இயல்பு. மூன்று சீட்டுகள் வரிசையோடு வர 4,56,456 வழிகள் இருக்கின்றன, தலைகீழைச் சேர்க்காமலே. இரண்டிலும் ஒன்றேபோல் வர 4,56,456-க்கு ஒரு வாய்ப்பு. எனவே ஒத்துப்போகாததை வைத்து ஒன்று பொய், ஒன்று மெய் என்று சொல்ல முடியாது.

எதைப் படிப்பது என்றால், எடுப்பதற்கு முன்னாலேயே எதை முடிவு செய்திருந்தீர்களோ அதை. முடிவே செய்யவில்லை என்றால் முதலில் எடுத்ததை. இரண்டாவதைச் சரிபார்ப்பதற்காக எடுத்தேன் என்று பலர் சொல்கிறார்கள். அப்படிச் சொன்னவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: முதலில் வந்த மூன்றில் எந்தச் சீட்டைப் பார்த்ததும் அடுத்ததை எடுக்கத் தோன்றியது? அநேகமாக எல்லோரும் யோசிக்காமல் ஒரு சீட்டைச் சுட்டிக்காட்டுகிறார்கள். நாங்கள் அந்தச் சீட்டிலிருந்தே பேசத் தொடங்குகிறோம்.